98.6 சதவீதம் யாருடையது?

மார்பில் கட்டி இருப்பதாக வருபவர்களுக்கு டாக்டர்கள் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று, மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில செல்களை உறிஞ்சி எடுப்பது. அந்தச் செல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வோல்பெர்க் என்ற டாக்டரும், நிக் ஸ்ட்ரீட், ஓல்வி மங்காசரியன் என்ற இரு கணினி அறிவியலாளர்களும் சேர்ந்து இந்தத் தகடுகளின் படங்களைக் கணினியில் ஏற்றினார்கள். ஒவ்வொரு செல்லின் உட்கருவைச் சுற்றியும் திரையில் கோடு வரைந்து, அதன் ஆரம், பரப்பு, சுற்றளவு, ஓரம் எவ்வளவு வழவழப்பு, எங்கே உட்குழிந்திருக்கிறது என்று பத்து குணங்களை அளந்தார்கள். ஒவ்வொரு குணத்துக்கும் சராசரி, சராசரியில் உள்ள பிழை அளவு, மிக மோசமான செல்களின் அளவு என மூன்று எண்கள். ஆக, ஒரு கட்டிக்கு 30 எண்கள்.

மொத்தம் 569 கட்டிகள். அவற்றில் 212 புற்றுக்கட்டிகள், 357 சாதாரணக் கட்டிகள். 1995-இல் இந்தத் தரவை அவர்கள் பொதுவில் வைத்தார்கள். இன்று மெஷின் லேர்னிங் படிக்கத் தொடங்கும் மாணவர்கள் பலரும் முதலில் கை வைக்கும் தரவுகளில் இதுவும் ஒன்று. பைதான் மொழியில் `scikit-learn` என்ற நிரல் தொகுப்பை நிறுவினால், அதற்குள்ளேயே இந்தத் தரவும் கூட வந்துவிடும்.

பாடம் வழக்கமாக இப்படிப் போகும். 569 கட்டிகளில் 455-ஐக் கணினிக்குக் காட்டிப் பழக்குவார்கள். மீதி 114-ஐ மறைத்து வைத்திருந்து, பழகி முடிந்த பிறகு அவற்றைக் கொடுத்து, 'இது புற்றா, இல்லையா' என்று கேட்பார்கள். விடை நம் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கணினி சொன்னதையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தால், நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு சதுரப் படம் கிடைக்கும். அதன் பெயர் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ். எதை எதுவாக நினைத்துக் கணினி குழம்பியது என்பதைக் காட்டும் அட்டவணை.

இந்தக் கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் படத்தில், இடப்பக்க ஓரத்தில் `True label` என்றும் கீழ் ஓரத்தில் `Predicted label` என்றும் எழுதியிருக்கிறது. வரிசைகளுக்கு மேலிருந்து கீழாகவும், நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாகவும் `malignant`, `benign` என்று பெயர். முதலாவது புற்று, இரண்டாவது சாதாரணம். கட்டங்களுக்குள் உள்ள எண்கள் இவை:

```
[[39  4]
 [ 1 70]]
```

எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் இந்த நான்கு எண்களையும் நான்கு வாக்கியங்களாகச் சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே புற்று இருந்து, கணினியும் புற்று என்றது 39 பேருக்கு. உண்மையில் புற்று இருந்தும், கணினி சாதாரணம் என்று அனுப்பிவிட்டது 4 பேரை. புற்று இல்லாதவர் ஒருவரைப் புற்று என்று சொல்லிவிட்டது. புற்று இல்லாத 70 பேரை இல்லை என்றே சொன்னது. வாக்கியமாகச் சொல்ல வராத எண்ணைச் சூத்திரத்தில் போடக் கூடாது. படத்தைத் தவறாக வாசிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு இறங்கும் மூலைவிட்டத்தில் இருப்பவை சரியான விடைகள்: 39, 70. அதற்கு வெளியே இருப்பவை தவறுகள்: 4, 1. மொத்தம் 114 பேரில் 109 பேருக்குச் சரியான விடை. 109-ஐ 114-ஆல் வகுத்தால் 95.6 சதவீதம். இதுதான் அக்யூரசி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதையுமே கற்காத ஒரு நிரல், வந்தவர் எல்லோரிடமும் 'உங்களுக்குப் புற்று இல்லை' என்று மட்டும் சொன்னாலும், 71 பேருக்கு அது சரியாகிவிடும். அதன் அக்யூரசி 62.3 சதவீதம். ஒரு புற்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே பாதிக்கு மேல் மார்க்! அதனால் அக்யூரசி என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. தவறு நடந்தது எந்தப் பக்கம் என்று அது சொல்வதில்லை. விட்டுப்போன 4 நோயாளிகளும், வீணாகப் பயந்த ஒருவரும் அதற்கு ஒன்றுதான்.

மற்ற இரண்டு எண்களும் இந்த இரண்டு தவறுகளைப் பிரித்துக் காட்டுவதற்காகவே இருக்கின்றன.

புற்று உள்ளவர்களின் பக்கம் நின்று கேட்போம். உண்மையில் புற்று உள்ளவர்கள் மேல் வரிசையில் இருக்கிறார்கள்: 39-உம் 4-உம் சேர்த்து 43 பேர். அவர்களில் எத்தனை பேரைக் கணினி பிடித்தது? 39. இந்தப் பங்கு ரீகால். வரிசையை ஒட்டிப் போகும் கணக்கு இது.

இனி, 'உங்களுக்குப் புற்று' என்ற சீட்டைக் கையில் வாங்கியவர்களின் பக்கம் நிற்போம். அந்தச் சீட்டு வாங்கியவர்கள் இடது நெடுவரிசையில் இருக்கிறார்கள்: 39-உம் 1-உம் சேர்த்து 40 பேர். அந்தச் சீட்டு எத்தனை பேருக்கு உண்மை? 39. இந்தப் பங்கு பிரிசிஷன். நெடுவரிசையை ஒட்டிப் போகும் கணக்கு.

```
recall    = 39 / (39 + 4) = 0.907
precision = 39 / (39 + 1) = 0.975
accuracy  = (39 + 70) / 114 = 0.956
```

மேலே இருக்கும் எண் இரண்டிலும் ஒன்றேதான், 39. மாறுவது வகுக்கும் எண். ரீகாலில் உண்மையான நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். பிரிசிஷனில் கணினி நோயாளி என்று சொன்னவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்பவர்கள் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்வதுண்டு. 'யாரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேள்வி கேட்கிறோம்' என்று மட்டும் யோசித்தால் மனப்பாடமே தேவையில்லை.

வகைகள் இரண்டுக்கு மேல் இருந்தாலும் வழி இதேதான். கையால் எழுதிய பத்து இலக்கங்களை அடையாளம் காணும் நிரலுக்குப் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டங்கள் வரும். 7 என்ற இலக்கத்தின் ரீகால் வேண்டுமானால் அந்த இலக்கத்தின் வரிசை, பிரிசிஷன் வேண்டுமானால் அதன் நெடுவரிசை.

இனிதான் இந்தத் தரவின் உண்மையான பொறி வருகிறது. மேலே இருந்த கணக்கைக் கையால் போடாமல் கணினியையே கேட்டால் என்ன ஆகும்?

```python
recall_score(y_test, y_pred)                # 0.986
recall_score(y_test, y_pred, pos_label=0)   # 0.907
```

முதல் வரியை எழுதியவர் 'என் நிரல் புற்றுநோயை 98.6 சதவீதம் கண்டுபிடிக்கிறது' என்று அறிக்கையில் எழுதிவிடுவார். அது உண்மை இல்லை. `scikit-learn` தொகுப்பில் இந்தத் தரவைச் சேர்த்தபோது புற்றுக்கு 0 என்றும் சாதாரணக் கட்டிக்கு 1 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள். ரீகால் கணக்கிடும் கட்டளையோ, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 1 என்ற வகையைத்தான் நாம் தேடும் வகை என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த 98.6 சதவீதம், சாதாரணக் கட்டிகளைச் சாதாரணம் என்று சொன்ன திறமை. 71-இல் 70. புற்றைக் கண்டுபிடித்த திறமை 43-இல் 39, அதாவது 90.7 சதவீதம்தான்.

பிரிசிஷனிலும் இதே கதை. கட்டளையை அப்படியே ஓட்டினால் 94.6 சதவீதம் என்று வரும். அது வலது நெடுவரிசையின் கணக்கு, 74-இல் 70. நமக்கு வேண்டிய புற்றின் பிரிசிஷன் 97.5. எந்தச் சிவப்பு எழுத்தும் திரையில் வராது, எந்த எச்சரிக்கையும் வராது. எண்கள் எல்லாமே ஒன்றுக்குப் பக்கத்தில் அழகாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் எழாது. கணினி பொய் சொல்லவில்லை. எந்த வகையைப் பற்றிக் கேட்கிறோம் என்று நாம்தான் சொல்லவில்லை. இதனால்தான் ரீகால், பிரிசிஷன் என்று வெறுமனே எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. 'புற்றின் ரீகால்' என்று வகையின் பெயரோடு எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பொருள்.

கையில் நான்கு கட்டப் படம் இருந்தால் இந்தப் பொறியிலிருந்து தப்பிக்கலாம். ஆனால் படத்துக்கும் தனியாகச் சில பொறிகள் உண்டு.

முதலாவது, எது வரிசை, எது நெடுவரிசை என்பது. `scikit-learn` வரையும் படத்தில் வரிசை உண்மையைக் குறிக்கும், நெடுவரிசை கணிப்பைக் குறிக்கும். மேட்லாப் மென்பொருளில் `plotconfusion` என்ற கட்டளை வரையும் படத்தில் இது தலைகீழ். அங்கே வரிசைதான் கணிப்பு. அதே மேட்லாபில் `confusionchart` என்ற கட்டளையோ உண்மையை வரிசையில் வைக்கும். பாடப்புத்தகங்களும் இரண்டு விதமாகவும் அச்சிடுகின்றன. படத்தைத் திருப்பிப் போட்டால் அக்யூரசி மாறாது, மூலைவிட்டம் அப்படியே இருக்கும். ஆனால் ரீகாலும் பிரிசிஷனும் இடம் மாறிவிடும். நம் எடுத்துக்காட்டில் 90.7 என்று இருக்க வேண்டிய இடத்தில் 97.5 வந்து உட்கார்ந்துகொள்ளும். தவறவிட்ட 4 பேர் வீண் பயமுறுத்தல்களாகவும், வீணாகப் பயந்த ஒருவர் தவறவிடப்பட்டவராகவும் மாறிவிடுவார்கள்.

ஓரத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் போதாதா? பெரும்பாலும் போதும். ஆனால் நிரல் எழுதியவர் கட்டளைக்குள் `y_test`, `y_pred` இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருந்தால், ஓரத்தில் `True label` என்று எழுதியிருந்தாலும் அங்கே இருப்பது கணிப்புதான். ஓர எழுத்தும் ஏமாற்றும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய கூட்டல் போதும். சோதனைக்கு வைத்த 114 பேரில் உண்மையில் புற்று உள்ளவர்கள் 43, இல்லாதவர்கள் 71 என்பது நமக்கு முன்பே தெரியும். தெரியாவிட்டால் தரவில் எண்ணிப் பார்த்துவிடலாம். இப்போது படத்தின் வரிசைகளைக் கூட்டுங்கள். 43-உம் 71-உம் வந்தால் வரிசைதான் உண்மை. 40-உம் 74-உம் வந்தால் அது கணிப்பு, படம் திரும்பியிருக்கிறது. உண்மையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை எந்த நிரலாலும் மாற்ற முடியாது. அதனால் ஓர எழுத்தைவிடக் கூட்டுத்தொகையைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டாவது பொறி, வகைகள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. பல பாடங்களில், தேடும் வகை சரியாகப் பிடிபட்ட எண்ணை மேல் இடது மூலையில் வைத்துப் படம் போடுவார்கள். அதைப் பார்த்துப் பழகியவர் எந்தப் படத்திலும் மேல் இடது மூலைக்கே போவார். கணினிக்கு அந்தப் பழக்கம் தெரியாது. அது வகைகளின் பெயர்களை எண் வரிசையிலோ அகர வரிசையிலோ அடுக்கும். நம் படத்தில் புற்றுக்கு 0 என்பதால் அது முதலில் வந்தது. விஸ்கான்சின் குழு வெளியிட்ட மூலக் கோப்பில் எண்கள் கிடையாது. `M`, `B` என்று எழுத்துகள்தான் உண்டு. அந்தக் கோப்பை அப்படியே படித்துப் படம் போட்டால் அகர வரிசைப்படி `B` முதலில் வந்துவிடும். அதே 114 பேர், அதே விடைகள், ஆனால் மேல் இடது மூலையில் 70, கீழ் வலது மூலையில் 39. ஒரே தரவை இரண்டு வழியில் திறந்த இரண்டு மாணவர்களின் படங்களைப் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றொன்றைத் தலைகீழாகத் திருப்பியது போல இருக்கும். இரண்டுமே சரியான படங்கள்தான்.

மூன்றாவது பொறியைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சில படங்களில் கட்டங்களுக்குள் ஆட்களின் எண்ணிக்கை இருக்காது, பின்னங்கள் இருக்கும்:

```
[[0.91 0.09]
 [0.01 0.99]]
```

இதுவும் நம்முடைய அதே படம்தான். ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையும் கூட்டினால் 1 வருகிறதே, அதுதான் அடையாளம். நெடுவரிசைகள் கூட்டி 1 வந்தால் நெடுவரிசையால் வகுத்த படம். நான்கும் சேர்ந்து 1 வந்தால் மொத்தத்தால் வகுத்த படம்.

வரிசையால் வகுத்த படத்தில் ரீகாலைக் கணக்குப் போடாமலே படிக்கலாம். மூலைவிட்டத்திலேயே 0.91 என்று நிற்கிறது. ஆனால் பிரிசிஷனை இதிலிருந்து எடுக்கவே முடியாது. பழக்க தோஷத்தில் இடது நெடுவரிசையைக் கூட்டி 0.91-ஐ 0.92-ஆல் வகுப்பவருக்கு 98.9 சதவீதம் கிடைக்கும். உண்மையான விடை 97.5. மேல் வரிசைப் பின்னம் 43 பேரைப் பற்றியது, கீழ் வரிசைப் பின்னம் 71 பேரைப் பற்றியது. இரண்டையும் நேரடியாகக் கூட்டினால் இரண்டு கூட்டத்திலும் சம எண்ணிக்கையில் ஆட்கள் இருந்ததாக நாமே வைத்துக்கொண்டது போலாகிவிடும். அக்யூரசியும் அப்படித்தான். மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு பின்னங்களின் சராசரி வேறு ஓர் அளவு, அக்யூரசி அல்ல.

வழி இல்லாமல் இல்லை. 43, 71 என்ற எண்ணிக்கைகள் எங்காவது கிடைத்தால் பின்னங்களைத் திரும்பப் பெருக்கிவிடலாம். 0.91-ஐ 43-ஆல் பெருக்கினால் 39.1, அதாவது 39 பேர். 0.01-ஐ 71-ஆல் பெருக்கினால் 0.71, அதாவது ஒருவர். நான்கு முழு எண்களும் திரும்பி வந்துவிடும். எண்ணிக்கை கிடைக்காவிட்டால், பிரிசிஷன் பற்றிப் பேசாமல் இருப்பதே நேர்மை.

படத்தின் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய எண்ணுக்கு ஒரு நிறம், சிறிய எண்ணுக்கு வேறு நிறம். எந்த நிறம் பெரியது என்பது கருவிக்குக் கருவி மாறும். சிலவற்றில் அடர்ந்த நீலம் பெரியது, சிலவற்றில் வெளிறிய மஞ்சள் பெரியது. பக்கத்தில் நிற்கும் நிறப்பட்டையைப் பார்த்தால்தான் தெரியும். நம் படத்தில் 4-உம் 1-உம் கண்ணுக்கு ஒரே நிறமாகத்தான் தெரியும், 70 பளிச்சென்று நிற்கும். நாம் பார்க்க வேண்டியதோ அந்த 4-ஐ. நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் படியுங்கள். `seaborn` என்ற கருவியால் வரைந்த படத்தில் `3.6e+02` என்பது போல ஏதாவது இருந்தால் பயப்பட வேண்டாம். வரைந்தவர் `fmt='d'` என்று சேர்க்க மறந்ததால், 360-ஐ ஒட்டிய ஒரு முழு எண் அப்படிச் சுருங்கி அச்சாகியிருக்கிறது. சரியான எண் என்ன என்று அவரிடம் கேட்க வேண்டும். அந்தச் சுருக்கத்தைக் கொண்டு கணக்குப் போடக் கூடாது.

இதுவரை பார்த்தவை படத்தை வாசிப்பதில் வரும் பிழைகள். படத்தைச் சரியாக வாசித்து, மூன்று எண்களையும் சரியாகக் கணக்கிட்ட பிறகும், அவற்றை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பெரிய பிழை வரும்.

விஸ்கான்சின் தரவில் நூறில் 37 பேருக்குப் புற்று இருந்தது. காரணம், கட்டி இருப்பது தெரிந்து ஊசிப் பரிசோதனை வரை வந்தவர்கள் அவர்கள். இதே அளவு திறமையுள்ள ஒரு கருவியை, எந்தத் தொந்தரவும் இல்லாத பொதுமக்கள் 10,000 பேரிடம் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 50 பேருக்குப் புற்று இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 90.7 சதவீதம் என்றால் அந்த 50 பேரில் 45 பேரைக் கருவி பிடித்துவிடும். மீதி 9,950 பேரில், 71-க்கு ஒருவர் என்ற அதே விகிதத்தில், 140 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக, 'உங்களுக்குப் புற்று' என்ற சீட்டு வாங்கியவர்கள் 185 பேர். அவர்களில் உண்மையான நோயாளிகள் 45. பிரிசிஷன் 97.5-இலிருந்து 24 சதவீதமாக விழுந்துவிட்டது.

கருவி மாறவில்லை. ரீகாலும் மாறவில்லை. நோய் உள்ளவர்களின் விகிதம் மட்டும்தான் மாறியது. ரீகால் நோயாளிகளின் வரிசைக்குள்ளேயே கணக்கிடப்படுவதால், வெளியே எத்தனை பேர் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பிரிசிஷன் இரண்டு வரிசைகளையும் கலந்து போடும் கணக்கு என்பதால் கூட்டத்தின் கலவை மாறினால் அதுவும் மாறும். இதில் வியப்பு என்னவென்றால், அக்யூரசி இதே நேரத்தில் 95.6-இலிருந்து 98.5-க்கு மேல் ஏறிவிடும். சீட்டு வாங்கிய நான்கு பேரில் மூன்று பேர் வீணாகக் கலங்கி நிற்கும்போது, அக்யூரசி முன்பைவிட நன்றாக இருக்கிறது! எல்லோரிடமும் 'இல்லை' என்றே சொல்லும் அந்த வெறும் நிரலை இந்த 10,000 பேரிடம் கொண்டுவந்தால் அதன் அக்யூரசி 99.5.

இன்னொரு எல்லையும் உண்டு. 90.7 என்று தசமப் புள்ளி வைத்து எழுதும்போது அது மிகத் துல்லியமான அளவு போலத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது 43 பேர்தான். ஒருவரின் விடை மாறினாலே ரீகால் 2.3 சதவீதம் ஏறும், அல்லது இறங்கும். புள்ளியியலில் வழக்கமாகப் போடும் 95 சதவீத நம்பக எல்லையைக் கணக்கிட்டால், இந்தக் கருவியின் உண்மையான ரீகால் 78-க்கும் 96-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் வருகிறது. ஒரு நிரலின் ரீகால் 90.7, மற்றொன்றின் ரீகால் 93.0 என்று காட்டி இரண்டாவதே சிறந்தது என்று வாதிடுபவர்கள், ஒரே ஒரு நோயாளியை வைத்து வாதிடுகிறார்கள்.

அந்த 4 பேரைக் குறைக்க வழி உண்டா? உண்டு, அதற்கு விலையும் உண்டு. பெரும்பாலான நிரல்கள் உள்ளுக்குள் 'புற்றாக இருக்க வாய்ப்பு இவ்வளவு' என்று ஓர் எண்ணைக் கணக்கிடுகின்றன. அது பாதிக்கு மேல் போனால் புற்று என்று சொல்கின்றன. இந்த எல்லையைப் பாதியிலிருந்து கீழே இறக்கினால், சந்தேகம் சற்று இருந்தாலே கணினி புற்று என்று சொல்லத் தொடங்கும். அப்படி இறக்கிய பிறகு நம் படம் இப்படி மாறுவதாக வைத்துக்கொள்வோம்:

```
[[42  1]
 [ 5 66]]
```

தவறவிட்டவர்கள் நான்கிலிருந்து ஒருவராகக் குறைந்தார்கள். வீணாகப் பயந்தவர்கள் ஒருவரிலிருந்து ஐவராக உயர்ந்தார்கள். புற்றின் ரீகால் 97.7 சதவீதம், பிரிசிஷன் 89.4 சதவீதம். அக்யூரசி 95.6-இலிருந்து 94.7 ஆகக் குறைந்திருக்கிறது. அக்யூரசியை மட்டும் பார்ப்பவர் இரண்டாவது படத்தை மோசம் என்று ஒதுக்கிவிடுவார். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். வீணாகப் பயந்த ஐவருக்கு இன்னொரு பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். 'சாதாரணக் கட்டிதான், போய் வாருங்கள்' என்று அனுப்பப்பட்டவர் திரும்பி வரும்போது நோய் வளர்ந்திருக்கும். எல்லா இடத்திலும் இதே முடிவு பொருந்தாது. நமக்கு வரும் நல்ல மின்னஞ்சலைக் குப்பைக்குத் தள்ளிவிடும் வடிகட்டிக்குப் பிரிசிஷன்தான் முக்கியம். நாலு விளம்பர மெயில் உள்ளே வந்தால் அழித்துவிடலாம், வேலைக்கான அழைப்புக் கடிதம் குப்பைக்குள் போனால் என்ன செய்வது? எந்தத் தவறு பெரியது என்பதை அந்தந்தத் துறையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். எந்தச் சூத்திரத்திலும் அதற்கு விடை கிடையாது.

கல்லூரிப் புராஜெக்ட் எழுதுபவர்களுக்கும், அதைத் திருத்தும் ஆசிரியர்களுக்கும், 'எங்கள் கருவி இத்தனை சதவீதம் துல்லியம்' என்ற செய்தியைப் படிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். சதவீதத்தோடு நின்றுவிடாமல், வகைகளின் பெயரோடு அந்த நான்கு முழு எண்களையும் எழுதுங்கள். எழுதாதவர்களிடம் கேட்டு வாங்குங்கள். அந்த நான்கும் கையில் இருந்தால் மற்ற எல்லா எண்களையும் யார் வேண்டுமானாலும் ஒரு துண்டுத் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.